ஹிபா பத்திரத்தை உறவினருக்கு எடுத்துரைப்பது எவ்வாறு?



திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தில், எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்றும், வாசகம் சொல்பவர் உள்ளதில் எதையும் குறைத்துவிடக் கூடாது என்றும் அல்லாஹுத்தஆலா கட்டளையிடுகின்றான். கடனுக்காக அருளப்பட்ட இந்த ஒழுங்கை, ஒருவர் எழுதிக் கொடுத்த பத்திரத்தை மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்பவரும் மேற்கொண்டால் எத்தனையோ குடும்பச் சண்டைகள் மஹல்லாவின் பஞ்சாயத்து வரை வாராமல் நின்றுவிடும்.

நமது குடும்பங்களில் நடப்பது என்ன? தாய் அல்லது தந்தை ஒரு பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுக்கின்றார். பத்திரம் வாங்கியவருடைய பீரோவுக்குள் போய்விடுகின்றது. மற்றப் பிள்ளைகளின் காதுக்கு, "அம்மா வீட்டைத் தங்கச்சி பேருக்கு எழுதிவிட்டார்கள்" என்ற ஒரே வாக்கியம்தான் வந்து சேர்கின்றது. அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. ஆனால் தாயாருக்கு இன்னும் என்ன உரிமை இருக்கின்றது, மகளுக்கு எப்போது எது கிடைக்கும், நாளைக்கு மனம் மாறினால் திரும்பப் பெற இயலுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை இல்லை. விடையில்லாத இடத்தை அவரவர் ஊகம் நிரப்பிக்கொள்கின்றது. ஆகவே பத்திரத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர், அனைவருக்கும் விளங்கும்படி ஒரு பக்கச் சுருக்கம் எழுதித் தருவது நல்ல வழக்கமாகும். அதை எப்படி எழுதுவது என்பதை ஒரு குடும்பத்தின் நிலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இது விளக்கத்திற்காகக் கற்பனையாக அமைத்துக்கொண்ட குடும்பமே.

ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த தாயார் ஒருவர், வயது 68. இரண்டு ஆண் மக்கள், ஒரு பெண். மூத்தவர் குவைத்தில் இருக்கின்றார். இளையவர் உள்ளூரில் கடை வைத்திருக்கின்றார். மகள் தாயாரோடு அதே வீட்டில் வசிக்கின்றார். வீடு இரண்டு தளம் கொண்டது. கீழே குடும்பம், மேலே வாடகைக் குடித்தனம். வீட்டு மனை 1987இல் தாயார் பெயரிலேயே கிரயம் பெறப்பட்டது. வீட்டுக்குப் பின்னால் 400 சதுர அடிக் கொல்லை இருக்கின்றது. அது தந்தையாரின் சொத்து. அவர் 2009இல் வஃபாத்தாகிவிட்டார். அந்தக் கொல்லையை இதுவரை யாரும் பாகம் பிரிக்கவில்லை. 2021இல் தாயார், "தான செட்டில்மெண்ட்" என்ற தலைப்பில் வீட்டையும் கொல்லையையும் சேர்த்து மகளுக்கு எழுதிப் பதிவு செய்து கொடுத்தார்.

பத்திரத்தின் முக்கியமான வாசகங்கள் இவை: சொத்தை இன்றே மகளின் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டதாக ஓரிடம் சொல்கின்றது. தம் ஆயுள் வரை கீழ்த்தளத்தில் வசிக்கவும், மேல்தளத்து வாடகையைப் பெற்று அனுபவிக்கவும் தமக்கு உரிமை உண்டு என்று தாயார் ஒதுக்கி வைத்திருக்கின்றார். தம் ஆயுள் வரை மகள் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று தடை விதித்திருக்கின்றார். தம்மை மகள் கடைசி வரை பராமரிக்க வேண்டும், தவறினால் ரத்து செய்வேன் என்கின்றார். ஆனால் கடைசிப் பக்கத்தில், "இந்தப் பத்திரத்தை எக்காரணத்தைக் கொண்டும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை" என்றும் இருக்கின்றது! ஆவண எழுத்தர் பழைய நகலைப் பார்த்து எழுதும்போது இப்படி ஒன்றுக்கொன்று முரணான வாசகங்கள் சேர்ந்துவிடுவது அபூர்வமன்று.

இன்றா, மரணத்திற்குப் பிறகா?

சுருக்கம் எழுதுபவர் முதலாவதாகத் தேட வேண்டியது தலைப்பை அன்று. சொத்து எப்போது கைமாறுகின்றது என்ற வாசகத்தை. "இன்று முதல்" என்றிருந்தால் அது ஹிபா. "எனது காலத்திற்குப் பிறகு நீ அடைந்துகொள்ள வேண்டியது" என்றிருந்தால், மேலே செட்டில்மெண்ட் என்று எத்தனை பெரிய எழுத்தில் எழுதியிருந்தாலும் அது தன்மையில் வஸிய்யத்தாகிவிடும். வாரிசுக்கு வஸிய்யத் செய்தால் மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றிச் செல்லாது என்பதை அறிவீர்கள். ஆக, அந்த ஒரு சொல் மகளுடைய உரிமை முழுவதையும் அண்ணன்மாரின் சம்மதத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடக்கூடியது. நமது குடும்பத்தின் பத்திரத்தில் "இன்றே" என்றிருக்கின்றது. எனவே இது ஹிபாதான். மரண நோயில் கிடந்தபோது எழுதியதாக இருந்தால் சட்டம் வேறு. மூன்றில் ஒரு பாகம் என்ற வரம்பும் வாரிசுகளின் சம்மதமும் அங்கே வந்துவிடும். இத்தாயார் நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் எழுதியிருக்கின்றார் என்பதால் அந்தக் கேள்வி எழவில்லை. ஆயினும் எழுதிய தேதியைச் சுருக்கத்தில் குறித்துவிடுவது நல்லது.

அடுத்து, கொடுத்தவருக்கு அது சொந்தமா என்பது. வீட்டைப் பற்றி ஐயமில்லை. மூலப்பத்திரம் தாயார் பெயரில் இருக்கின்றது. கொல்லை அப்படியன்று. கணவரின் சொத்தில், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியை ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிள்ளைகள் அடைகின்றனர். தந்தையாரின் பெற்றோர் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள் என்று கொண்டால், 400 சதுர அடியில் தாயாருக்கு 50; ஆண் மக்கள் இருவருக்கும் தலைக்கு 140; மகளுக்கு 70. தமக்கு உரியதல்லாத 350 சதுர அடியை ஒருவர் ஹிபா செய்ய முடியாது. பத்திரம் பதிவாகிவிட்டதால் அண்ணன்மாரின் பங்கு போய்விடாது. தாயாரின் 50 சதுர அடி மட்டும் மகளுக்குச் சேரும். மகளுக்குத் தந்தையின் வழியில் ஏற்கெனவே உள்ள 70உடன் சேர்ந்து அது 120 ஆகும்.

இங்கே ஹனஃபி ஃபிக்ஹு அறிந்தவர் ஒருவர், "பிரிக்கப்படாத பங்கை ஹிபா செய்தால் கூடுமா?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். பிரிக்கத்தக்க சொத்தில் பிரிக்கப்படாத பங்கு, அதாவது முஷாஃ, ஹிபா செய்யப்பட்டால் அது குறையுள்ள ஹிபா. பின்னர் பிரித்து ஒப்படைத்தால் நிறைவாகிவிடும் என்பதே நமது நீதிமன்றங்கள் பின்பற்றும் விதி. ஆனால் ஒரு வாரிசு தம்முடைய சக வாரிசுக்குக் கொடுப்பது இதிலிருந்து விலக்குப் பெற்றது. தாயும் மகளும் தந்தையாரின் சொத்தில் சக வாரிசுகள். ஆகவே அந்த 50 சதுர அடி செல்லும்.

ஒப்படைத்தல் என்ற முடிச்சு

ஹிபாவுக்கு ஈஜாப், கபூல், கப்ளு ஆகிய மூன்றும் வேண்டும்: கொடுத்தேன் என்று அறிவிப்பது, பெற்றுக்கொண்டேன் என்று ஏற்பது, சொத்தைக் கையில் ஒப்படைப்பது. முதலிரண்டும் எளிதில் நிறைவேறும். வழக்குகள் தோற்பது மூன்றாவதில்தான். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் தானத்திற்குப் பதிவும் சாட்சிகளும் வேண்டுமென்கின்றது. ஆனால் அதன் 129ஆவது பிரிவு இஸ்லாமியச் சட்ட விதிகளுக்கு விலக்களிக்கின்றது. முஸ்லிமின் ஹிபா எழுத்தில் இருந்தாலும் பதிவு கட்டாயமில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் மறுபக்கத்தைத்தான் மக்கள் மறந்துவிடுகின்றனர்: பதிவு செய்தாலும், ஒப்படைக்காத ஹிபா நிறைவடையாது.

"சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன்" என்று பத்திரத்தில் இருக்கின்றதே என்பீர்கள். அது ஒரு சான்று. முடிவான சான்று அன்று. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வீட்டில் வசித்தால், கொடுப்பவர் மூட்டை முடிச்சோடு வெளியேற வேண்டியதில்லை. ஆனால் உரிமையைக் கைவிட்டதைக் காட்டும் வெளிப்படையான செயல்கள் இருக்க வேண்டும். மூலப்பத்திரங்களை மகளிடம் கொடுத்தாரா? நகராட்சி வரி மகள் பெயருக்கு மாறியதா? பட்டா மாறியதா? மேல்தளத்துக் குடித்தனக்காரரிடம், "இனி வீட்டுக்குச் சொந்தக்காரி இவள், வாடகை மட்டும் என் ஆயுள் வரை எனக்கு" என்று சொல்லப்பட்டதா? இவற்றை நேரில் பார்த்துச் சுருக்கத்தில் எழுத வேண்டும். பத்திரம் எழுதி ஐந்தாண்டு ஆன பின்னும் வரி ரசீது தாயார் பெயரில், மூலப்பத்திரம் தாயாரின் பெட்டியில், வாடகை ஒப்பந்தமும் அவர் கையெழுத்தில் என்றிருந்தால், ஹிபா ஆபத்தில் இருக்கின்றது என்று பொருள்.

அந்த ஆபத்து எவ்வளவு பெரியது? ஒப்படைத்தல் நிறைவேறாமல் தாயார் மரணமடைந்தால், வீடு அவருடைய சொத்தாகவே கருதப்பட்டு வாரிசுகளுக்குப் பிரியும். வீட்டை ஐந்து பங்காக்கி, அண்ணன்மாருக்குத் தலைக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. முழு வீடு கிடைத்ததென்று நம்பி, அம்மாவைப் பார்த்துக்கொண்டு, தன் பணத்தையும் வீட்டுக்குச் செலவிட்ட மகளுக்கு ஐந்தில் ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே சுருக்கத்தில் இதை மறைப்பது அவருக்கு உதவி செய்வதன்று. தாயார் உயிரோடும் நிதானத்தோடும் இருக்கும்போதே சரி செய்துகொள்ள இது ஒன்றே வாய்ப்பு.

ஒதுக்கி வைத்தவையும் விதித்த தடைகளும்

பொருளின் அசல் வேறு, அதன் பயன் வேறு. ஃபிக்ஹு நூல்கள் இவற்றை 'ஐன்' என்றும் 'மனாஃபிஃ' என்றும் பிரிக்கின்றன. வெள்ளையர் காலத்தில் பிரிவி கவுன்சில் 1867இலும் 1948இலும் அளித்த தீர்ப்புகள் இந்தப் பிரிவினையின் மீதே நின்றன. அசலை முழுமையாகக் கொடுத்துவிட்டு, அதன் வருமானத்தை மட்டும் ஆயுள் வரை வைத்துக்கொள்வது செல்லும். அசலின் மீதான உரிமையையே குறைக்கும் தடை செல்லாது. ஆனால் தடை விழுந்தாலும் ஹிபா விழாது.

இதை நமது பத்திரத்தில் பொருத்திப் பாருங்கள். தாயார் கீழ்த்தளத்தில் வசிப்பதும் வாடகையைப் பெறுவதும் பயனைச் சேர்ந்தவை, அவை நிலைக்கும். விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது என்பது அசலைக் கட்டுப்படுத்துவது. ஹிபா நிறைவேறிய பின் அது மகளைக் கட்டாது. அப்படியானால் மகள் நாளையே விற்றுவிட்டால் தாயாரின் கதி என்ன? ஒதுக்கி வைத்த பயன் தாயாருடையது. அதை மகள் விற்க முடியாது. வாங்குபவர் அந்த உரிமைக்கு உட்பட்டே வாங்க வேண்டும். எனவே சுருக்கம் எழுதுபவர், "அம்மா இருக்கும் வரை விற்க முடியாது" என்று எழுதினால் அது தவறு. "விற்கக் கூடாதென்று பத்திரத்தில் உள்ளது, அந்தத் தடையை நீதிமன்றம் ஏற்பது அரிது, ஆனால் அம்மாவின் வசிப்பும் வாடகையும் யார் கைக்கு வீடு போனாலும் அவருடையவையே" என்று எழுத வேண்டும். பத்திரம் சொல்வது வேறு, சட்டம் நிலைநாட்டுவது வேறு. சுருக்கம் இரண்டையும் அடுத்தடுத்து வைக்க வேண்டும். ஒன்றை மற்றொன்றாக்கிவிடக் கூடாது.

திரும்பப் பெறுதல்

கொடுத்ததைத் திரும்பப் பெறுவதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு வெறுத்தார்கள் என்பதை ஹதீஸ் வாயிலாக அறிந்திருப்பீர்கள். சட்டத்தின் நிலை இது: ஒப்படைப்பதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். ஒப்படைத்த பின், ஹனஃபி முறைப்படி, நீதிமன்றத்தின் தீர்ப்பால் மட்டுமே திரும்பப் பெறலாம். அதற்கும் பல விலக்குகள் உண்டு. பெறுபவர் திருமணத்திற்கு விலக்கப்பட்ட இரத்த உறவினர் என்றாலோ, கணவன் மனைவிக்கிடையே கொடுத்தது என்றாலோ, பெற்றவர் இறந்துவிட்டாலோ, பொருள் வேறு கைக்குப் போய்விட்டாலோ, கொடுத்தவர் அதற்கு ஈடு ஏதும் வாங்கியிருந்தாலோ நீதிமன்றத்தாலும் திருப்ப இயலாது. மகள் முதல் விலக்கில் அடங்குவார். ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கு நேர்மாறாக, பெற்றோர் தம் பிள்ளைக்குக் கொடுத்ததை, பொருள் பிள்ளையின் உரிமையில் இருக்கும் வரை திரும்பப் பெறலாம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஷாஃபிஈகள் மிகுதி. ஆகவே குடும்பம் எந்த மத்ஹபைச் சேர்ந்தது என்பது சுருக்கத்தில் ஒரு வரியாகவேனும் இருக்க வேண்டும். அந்த ஒரு வரியில் முடிவே மாறிவிடும்!

அப்படியானால் "தவறினால் ரத்து செய்வேன்" என்ற வாசகம் வீணா? இல்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மதபேதமின்றி எல்லோருக்கும் உரியது. அறுபது வயதானவர், தம் அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இச்சட்டம் வந்த பின் ஒரு சொத்தைக் கொடுத்து, பெற்றவர் அதைச் செய்ய மறுத்தால், அந்தக் கொடை மோசடியால் அல்லது நிர்ப்பந்தத்தால் நடந்ததாகக் கருதப்படும் என்று அதன் 23ஆவது பிரிவு கூறுகின்றது. தாயார் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். தமிழகத்தில் அந்தத் தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இருக்கின்றது. பராமரிப்பு நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2025இல் இச்சட்டத்தை மூத்தோருக்கு நன்மை பயக்கும் வகையில் விரித்துப் பொருள்கொள்ள வேண்டும் என்றும், சொத்தைத் திரும்ப ஒப்படைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றும் கூறியது. இத்தாயாரின் பத்திரத்தில் நிபந்தனை எழுத்திலேயே இருப்பது அவருக்குப் பெரும் காப்பு. கடைசிப் பக்கத்தின் "அதிகாரமில்லை" என்ற வாசகத்தைக் காட்டி அவரை அச்சுறுத்த வேண்டியதில்லை. ரத்து செய்வது அவருடைய சொந்த அதிகாரத்தாலன்று, சட்டம் தரும் பரிகாரத்தால்.

இரண்டு எல்லைகளை மறந்துவிடக் கூடாது. இந்த உரிமை தாயாருடையது. "தங்கச்சி அம்மாவைச் சரியாகக் கவனிக்கவில்லை, ஆகவே வீட்டில் எங்களுக்குப் பங்கு வேண்டும்" என்று அண்ணன்மார் தமக்காகக் கேட்க இது வழியன்று. மேலும், தாயார் தனியாகச் சார்பதிவாளர் அலுவலகம் சென்று ரத்துப் பத்திரம் எழுதிவிட முடியாது. பத்திரத்திலேயே ரத்து அதிகாரம் முறையாக ஒதுக்கப்பட்ட சில நிலைகளைத் தவிர, ஒருதலைப்பட்சமான ரத்தைப் பதிவு செய்யக் கூடாதென்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கின்றது. அப்படி எழுதித் தருவதாக எவரேனும் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

எழுதிய சுருக்கம்

இளைய மகன் குவைத்திலுள்ள அண்ணனுக்கு எழுதுவதாகக் கொண்டால், கடிதம் இவ்வாறு அமையலாம்:

"அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா 2021இல் தங்கச்சிக்கு எழுதிய பத்திரத்தை அம்மா, தங்கச்சி இருவரையும் அருகில் வைத்துக்கொண்டு படித்தேன். வீடு முழுவதும் இன்றே தங்கச்சிக்கு என்று எழுதியிருக்கின்றார்கள். தமக்குப் பிறகு என்று எழுதவில்லை. அம்மா ஆயுள் வரை கீழே வசிப்பார்கள். மாடி வாடகையும் அவர்களுக்கே. விற்கக் கூடாதென்ற தடை பத்திரத்தில் உள்ளது. அது சட்டப்படி நிற்காது என்கின்றார் வக்கீல். அம்மாவைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கின்றது. தவறினால் கோட்டாட்சியரிடம் முறையிடும் உரிமை அம்மாவுக்கு மட்டும். மற்றபடி நாம் ஹனஃபி என்பதால், ஒப்படைத்த பின் மகளிடமிருந்து திரும்பப் பெற வழியில்லை. கொல்லை அத்தாவுடையது. அதில் அம்மாவின் 50 சதுர அடி மட்டும் தங்கச்சிக்குச் சேரும். உங்களுக்கு 140, எனக்கு 140 அப்படியே இருக்கின்றது. மூலப்பத்திரம் தங்கச்சியிடம் உள்ளது. வரியும் பட்டாவும் இன்னும் அம்மா பெயரில்தான். குடித்தனக்காரரிடமும் இன்னும் சொல்லவில்லை. இவற்றை மாற்றும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இது பத்திரத்துக்கு மாற்று அன்று. நகலை இத்துடன் அனுப்புகிறேன், நீங்களும் படியுங்கள்."

தம் பங்கை விட்டுப் போகும் வீட்டைப் பற்றி, தம்முடைய நட்டத்தைச் சரி செய்யாமல் இருப்பதே இலாபம் என்ற நிலையில், ஒப்படைத்தலின் குறையைத் தாமே சுட்டிக்காட்டுகின்றார் அந்த இளையவர். இப்படி எழுதுபவர் கிடைப்பது அரிது என்பதால், சுருக்கத்தைப் பங்கில்லாத ஒருவரிடம், மாமாவிடமோ ஜமாஅத்தின் வக்கீலிடமோ, கொடுத்து ஒருமுறை பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

அண்ணனின் மனத்தில், "எங்களுக்கு ஏன் ஒன்றுமில்லை?" என்ற கேள்வி எழவே செய்யும். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய தந்தை தனியாக ஒரு கொடை அளித்தபோது, மற்றப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கின்றது. ஹனஃபி அறிஞர்கள் அத்தகைய ஹிபாவைச் செல்லாது என்று சொல்வதில்லை; காரணமின்றிப் பாகுபாடு செய்வதை வெறுக்கின்றனர். எனவே தாயார் ஏன் மகளுக்குக் கொடுத்தார் என்ற காரணத்தை அவருடைய வாயாலேயே கேட்டு, அவர் அனுமதித்தால் அதையும் ஒரு வரி சேர்க்கலாம். அவர் சொல்ல விரும்பாவிட்டால், எழுதுபவர் தாமாக ஒரு காரணத்தைக் கற்பிக்கக் கூடாது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, கீழே தேதியும், ஆவண எண்ணும், பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரும் குறித்து, தாயாரிடம் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு அனுப்ப வேண்டும்.